மங்கல் வெயிலில் முதலில் புரொஃபைல், அப்புறம் ஃபில்டர்

பங்குனி, சித்திரை மாதங்களில் கம்பம் பள்ளத்தாக்கில் ட்ரோன் ஏற்றியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கீழே திராட்சைப் பந்தல்கள் பச்சைப் பசேலென்று தெரியும். பின்னால் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையோ வெளிறிய கோடாக நிற்கும். வானத்தில் நீலமே இருக்காது. வெள்ளையாகக் கண் கூசும்.

இப்படிப்பட்ட நாளில், வெயில் கடுமையாக இருக்கிறதே என்று நம்மில் பலர் யோசிக்காமல் லாக் புரொஃபைலுக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படிப் போய்ச் சூடுபட்டிருக்கிறேன். 8 பிட் மட்டுமே பதிவு செய்யும் பழைய ட்ரோனில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, அந்த மலையை லாக்கில் எடுத்தேன். கிரேடிங்கில் மங்கலை நீக்கக் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியதும் வானம் படிக்கட்டுபோலப் பட்டை பட்டையாகப் பிரிந்தது.

காரணம் எளிது. காற்றிலுள்ள தூசியும் ஈரமும் சிதறடிக்கும் வெளிச்சம் மலையின் மேல் ஒரு திரையாகப் படிகிறது. அதனால் மலையின் நிழல்கூடக் கறுப்பாக இருப்பதில்லை. மலைக்கும் வானத்துக்கும் இடையே ஒரு ஸ்டாப் வித்தியாசம் இருந்தாலே அதிகம். லாக் வளைவோ பன்னிரண்டு, பதின்மூன்று ஸ்டாப்களை அடக்குவதற்காக வகுக்கப்பட்டது. 8 பிட்டின் 256 படிகளை அத்தனை ஸ்டாப்களுக்கும் பங்கிட்டால் ஒரு ஸ்டாப்புக்கு இருபது படிகூடத் தேறாது. அதை இழுத்து விரித்தால் பட்டை விழாமல் என்ன செய்யும்? 10 பிட்டில் 1024 படிகள் இருப்பதால் அதே இழுப்பைத் தாங்கும்.

ஆகவே 8 பிட் கருவியில், வெயில் பின்னாலிருந்து விழும் மங்கல் காட்சிக்கு நார்மல் புரொஃபைலே நல்லது. சூரியனை நோக்கிப் பறக்கும்போது கதை மாறுகிறது. பந்தலடி நிழலும் வெளுத்த வானமும் ஒரே ஃபிரேமில் வரும். அங்கே 10 பிட் லாக்தான் கைகொடுக்கும்.

புரொஃபைல் முடிவான பிறகே என்.டி. ஃபில்டர். ஏனென்றால் சில கேமராக்களில் புரொஃபைலை மாற்றினால் குறைந்தபட்ச ஐ.எஸ்.ஓ.வும் மாறிவிடும். மேவிக் 3-ஐ எடுத்துக்கொள்வோம். நார்மலில் ஐ.எஸ்.ஓ. 100-இல் தொடங்கலாம், டி-லாக்கில் 400-க்குக் கீழே இறங்காது. மங்கல் ஒரு ஸ்டாப்பைத் தின்றுவிட்ட வெயிலில், அப்பர்ச்சர் எஃப் 5.6 என்று வைத்தால், நார்மலில் ஷட்டர் ஏறத்தாழ 1/400-இல் நிற்கும். 25 ஃபிரேமுக்கு உரிய 1/50-க்கு இறக்க மூன்று ஸ்டாப், அதாவது என்.டி. 8 போதும். டி-லாக்கில் அதே வெளிச்சத்துக்கு 1/1600 வரும். ஐந்து ஸ்டாப் வேண்டும், என்.டி. 32. நார்மலுக்குப் போட்ட ஃபில்டரோடு லாக்குக்குத் தாவினால் இரண்டு ஸ்டாப் ஓவராகி வானம் வெந்துவிடும். அதைச் சரிக்கட்ட அப்பர்ச்சரை எஃப் 11-க்கு மூடினால் டிஃப்ராக்‌ஷனால் படம் மழுங்கும். ஏற்கெனவே மங்கலான மலைக்கு அது வேறு தேவையா? ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் வானம் முட்டாமல் இருக்கிறதா என்று பார்த்தபின் பதிவைத் தொடங்குங்கள்.

இன்னொன்று: 1/50 எல்லா உயரத்திலும் கட்டாயமல்ல. 24 மி.மீ.க்கு நிகரான லென்ஸ், 100 மீட்டர் உயரம், கேமரா நேராகக் கீழ்நோக்கி, வேகம் நொடிக்கு 8 மீட்டர் என்று கொள்ளுங்கள். 4கே ஃபிரேமில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 4 செ.மீ.க்குச் சமம். 1/50 நொடியில் ட்ரோன் நகர்வது 16 செ.மீ., அதாவது நாலு பிக்சல் தீற்றல்தான். 1/100-இல் எடுத்தாலும் வித்தியாசம் கண்ணுக்குப் படுவது அரிது. பந்தலை ஒட்டிப் பத்து மீட்டரில் பறந்தால் அதே தீற்றல் நாற்பது பிக்சலாகிறது. அங்கே சரியான ஃபில்டர் இல்லையென்றால் இலைகள் வெட்டி வெட்டி நகரும். அதனால் மேலே எடுக்க வேண்டிய காட்சிக்காக அடர்த்தியான ஃபில்டரைப் போட்டுவிட்டு, மேகம் மறைத்ததும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவது வீண் வேலை; ஷட்டர் ஒரு ஸ்டாப் வேகமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

என்.டி. ஃபில்டர் வெளிச்சத்தைக் குறைக்கும், மங்கலைக் குறைக்காது. வானத்தையும் மலையையும் அது ஒரே அளவில்தான் இறக்குகிறது. ஆகவே சூரியன் எந்தப் பக்கம், எந்த உயரத்தில் பறக்கப்போகிறோம் என்று முதலில் பாருங்கள். அதற்கேற்ப புரொஃபைலை முடிவு செய்து, ஐ.எஸ்.ஓ.வைக் கவனியுங்கள். ஃபில்டர் பெட்டியைக் கடைசியாகத் திறங்கள்.

— ஆசிரியர்