பலூனை ஊதியது யார்?



பள்ளிக்கூடங்களில் அறிவியல் விழா நெருங்கிவிட்டால் வீட்டில் பிள்ளைகள் படுத்தும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். எமது உறவினர் ஒருவரின் மகள் எட்டாம் வகுப்பில் பயில்கிறாள். ஐந்தே நிமிடங்கள் பேச வேண்டும். பேச்சோடு ஒரு செய்முறையும் காட்ட வேண்டும் என்பது அவளுக்கு இடப்பட்ட பணி. "நொதித்தல்" என்பதே அவள் எடுத்துக்கொண்ட பொருள். ஒரு புட்டி, ஒரு பலூன், ரொட்டிக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை ஆகியவற்றை அதற்கெனச் சேர்த்து வைத்திருந்தாள். உங்கள் வீட்டிலும் இதே செய்முறையை ஒரு பிள்ளை செய்ய முற்படலாம். ஆகவே, நடந்ததை நடந்தவாறே இங்கு எழுதுகிறோம்.

விழாவுக்கு முன்தினம் வீட்டில் ஒத்திகை நடந்தது. புட்டியில் ஈஸ்டையும் சர்க்கரையும் இட்டு, "சூடாக இருந்தால் விரைவில் பொங்கும்" என்றெண்ணி, அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரை ஊற்றினாள். புட்டியின் வாயில் பலூனை மாட்டினாள். பலூன் உடனே தலைநிமிர்ந்தது. அவளும் மகிழ்ந்தாள். ஆனால் கால்மணி நேரத்தில் அது துவண்டு விழுந்தது. பின்னர் புட்டியின் கழுத்துக்குள்ளேயே இழுபட்டுக்கொண்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் பயனில்லை.

அழுது நின்றவளிடம் அவளுடைய அண்ணன் ஒரு குறுக்கு வழி சொன்னான்: "ஆப்பச் சோடாவையும் வினிகரையும் கலந்துவிடு. அரை நிமிடத்தில் பலூன் உப்பும். பார்ப்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது?"

அவன் சொன்னது உண்மைதான். சோடாவும் வினிகரும் சேர்ந்தாலும் அதே கரியமில வாயுதான் வெளிப்படும். பலூனும் அதேபோல் உப்பும். ஆயினும் அது இரண்டு பொருள்கள் கலந்ததால் விளைந்த வேதிவினை. அதில் உயிருள்ளது ஏதும் இல்லை. உண்டு, செரித்து, கழிவை வெளிவிடும் ஓர் உயிரின் வேலையே நொதித்தல். ஒன்றைக் காட்டி மற்றொன்றின் பெயரைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். அந்தப் பெண் தன் உம்மாவிடம் சென்று, "உம்மா, இது ஏன் ஊதவில்லை என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் நான் பேசுவேன்" என்றாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவள் கையாண்ட முறையை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஈஸ்டே கெட்டுப்போயிருக்கலாம், அல்லது நீர் அதைக் கொன்றிருக்கலாம். இவ்விரண்டில் எது என்பதை அறிய, அரைக் கோப்பை வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் அதே பொட்டலத்து ஈஸ்டும் இட்டு வைத்தாள். பத்து நிமிடங்களில் மேற்பரப்பில் நுரை திரண்டது. ரொட்டி மணமும் வீசியது. எனவே ஈஸ்ட் உயிரோடுதான் இருந்தது. நுரையே தோன்றாதிருந்தால், நெடுநாள் திறந்து கிடந்து ஈரம் பட்ட பொட்டலம் என்று கொள்ளலாம். அப்படியாயின் கொதிநீர்தான் குற்றவாளி.

ஈஸ்ட் என்பது தூளன்று. கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைச் செல் பூஞ்சை. உலர்ந்த ஈஸ்ட் ஒரு கிராமில் ஏறத்தாழ ஆயிரம் கோடி என்ற கணக்கில் அச்செல்கள் உறங்கிக்கிடக்கின்றன. 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் அவை விழித்தெழுந்து சுறுசுறுப்பாக வேலை செய்யும். 60 டிகிரியை எட்டும் நீரில் மடிந்துவிடும். வெப்பமானி இல்லாத வீட்டில், குழந்தையைக் குளிப்பாட்டும் நீரின் பதமே போதுமான அளவுகோல்.

அவ்வாறாயின் கொதிநீர் ஊற்றியவுடன் பலூன் எழுந்தது எதனால்? புட்டியிலிருந்த காற்று சூடேறி விரிந்தது. நீராவியும் அதனோடு சேர்ந்தது. நீர் ஆறியதும் காற்று சுருங்கியது. பலூனை உள்ளே இழுத்துக்கொண்டது. இதில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. ஊற்றியதும் எழுந்து பின்னர் சுருங்கினால் அது சூடான காற்றின் வேலை. முதலில் சும்மா கிடந்து, பிறகு மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டே போனால் அதுவே ஈஸ்டின் வேலை.

மறுநாள் மேடையில் அவள் ஒரு புட்டியோடு நிற்கவில்லை. மூன்று புட்டிகளை வைத்திருந்தாள். மூன்றிலும் 150 மில்லி வெதுவெதுப்பான நீர். முதல் புட்டியில் ஒரு தேக்கரண்டி ஈஸ்டும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் இட்டிருந்தாள். இரண்டாவதில் ஈஸ்ட் மட்டும். மூன்றாவதில் சர்க்கரை மட்டும். பலூன்களை முன்னதாகவே இரண்டு மூன்று தடவை வாயால் ஊதித் தளர்த்தியிருந்தாள்; புது ரப்பரின் விறைப்பை வெல்வதற்கு அச்சிறு உயிர்கள் வீணே பாடுபட வேண்டியதில்லை அல்லவா? மாட்டிய பின் கழுத்தை நூலால் இறுகக் கட்டினாள். நொதித்தல் ஐந்து நிமிடங்களில் முடிகிற காரியமன்று. ஆகவே தன் முறை வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே மூன்றையும் கலந்து வைத்துவிட்டாள். அதை மறைக்கவும் இல்லை.

அவள் பேசியதன் சாரம் இது:

"அஸ்ஸலாமு அலைக்கும். இம்மூன்று புட்டிகளையும் 45 நிமிடங்களுக்கு முன் ஒரே நேரத்தில் கலந்தேன். முதல் பலூன் சாத்துக்குடி அளவுக்கு உப்பியிருக்கிறது. இரண்டாவது ஏறக்குறைய அப்படியே கிடக்கிறது. ஏனெனில் அங்கே உண்பவர் உண்டு, உணவு இல்லை. மூன்றாவதும் கிடக்கிறது; அங்கே உணவு உண்டு, உண்பவர் இல்லை. மூன்றிலும் ஒரே வெதுவெதுப்பான நீர்தான். எனவே சூடான காற்று பலூனை ஊதியது என்று எவரும் சொல்ல முடியாது. ஈஸ்ட் சர்க்கரையைச் சிதைக்கிறது. அதிலிருந்து தான் வாழ்வதற்கான ஆற்றலைப் பெறுகிறது. எஞ்சுவன இரண்டு: ஒன்று எத்தில் ஆல்கஹால், அது நீரிலேயே தங்குகிறது, மற்றொன்று கரியமில வாயு, அதுவே இப்பலூனில் இருக்கிறது. இதைத்தான் நொதித்தல் என்கிறோம்."

அடுத்து, அது கரியமில வாயுதான் என்பதற்குச் சான்றும் காட்டினாள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை முதல் நாளிரவே நீரில் கரைத்துத் தெளிய வைத்து, அத்தெளிநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்திருந்தாள். முதல் பலூனின் கழுத்தை விரல்களால் நெரித்துப் பிடித்துக் கழற்றி, ஒரு குழாயின் வழியே அவ்வாயுவைத் தெளிநீருக்குள் விட்டாள். நீர் பால்போல் வெண்மையாயிற்று. சுண்ணாம்பும் கரியமில வாயுவும் கூடி, கரையாத கால்சியம் கார்பனேட் உண்டானதன் விளைவு அது. வாயால் ஊதிய பலூனாலும் இவ்வாறு வெண்மையாக்க முடியும். நாம் விடும் மூச்சிலும் அவ்வாயு உண்டு. ஆகவே மாட்டும்போது பலூனில் மூச்சுக்காற்று சற்றும் தங்காமல் அழுத்தி வெளியேற்றியிருந்ததையும் அவள் குறிப்பிட்டாள். சுண்ணாம்பு நீர் கண்ணில் பட்டுவிடலாகாது; இதைச் செய்கையில் பெரியவர் ஒருவர் உடனிருப்பது நலம்.

ஒரு தேக்கரண்டி சர்க்கரை எவ்வளவு வாயுவைத் தரும் என்று ஆசிரியை ஒருவர் கேட்டார். கணக்கு எளிதே. மட்டமான ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம். முழுவதும் நொதித்தால் அதன் எடையில் ஏறத்தாழ பாதி, அதாவது 2 கிராம், கரியமில வாயுவாக மாறும். நம் ஊர் வெப்பத்தில் அது ஒரு லிட்டருக்குச் சற்று மேல் இடத்தை அடைக்கும்; ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்து அது. பலூன் அவ்வளவு பெரிதாகாததற்குக் காரணங்கள் உண்டு. முக்கால் மணியில் சர்க்கரை முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. வாயுவில் ஒரு பகுதி நீரில் கரைந்து நிற்கிறது. ரப்பரின் வழியாகவும் கொஞ்சம் கசிந்து வெளியேறுகிறது. மறுநாள் பலூன் வாடிக் கிடப்பதும் அந்தக் கசிவால்தான். இன்னும் பெரிதாக ஊதட்டும் என்று சர்க்கரையை அள்ளிக் கொட்டுவதும் தவறு. மிகையான சர்க்கரை செல்லிலிருந்து நீரை வெளியே இழுத்து ஈஸ்டின் வேகத்தைக் குறைத்துவிடும்.

அவையிலிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார். "ஆல்கஹால் உண்டாகிறது என்கிறாயே மகளே! அப்படியானால் ரொட்டி மாவிலும் அது இருக்குமா?" என்று கேட்டார். அரங்கம் அமைதியாயிற்று. நம் வீடுகளில் பலருக்கும் தோன்றக்கூடிய வினாதான் அது.

அப்பெண் தயங்காமல் விடை சொன்னாள்: "ஆம் பாட்டி, மாவில் சிறிதளவு உண்டாகிறது. அதை ஒளிப்பது சரியன்று. ஆனால் ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் பொருள். அடுப்பின் சூட்டில் அதன் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. மிக நுண்ணிய அளவு எஞ்சக்கூடும். மாவை உப்பச் செய்யும் கரியமில வாயுதான் ரொட்டிக்குள் நாம் காணும் துளைகளை விட்டுச் செல்கிறது. இவ்வளவே அறிவியல் சொல்வது. மார்க்கத்தின் தீர்ப்பை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும்." மூதாட்டியின் முகத்தில் நிறைவு தெரிந்தது.

பேச்சில் ஒரு பிழையும் நேர்ந்தது. "இட்லி மாவு பொங்குவதும் ஈஸ்டினால்தான்" என்று அவள் சொல்லிவிட்டாள். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இட்லி மாவில் முதன்மையாக வேலை செய்பவை உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வந்து சேரும் பாக்டீரியாக்கள். லூகோனாஸ்டாக் என்பது அவற்றுள் முக்கியமானது. கரியமில வாயுவை மட்டுமன்றி லாக்டிக் அமிலத்தையும் அது உண்டாக்குகிறது. மாவு பொங்குவதோடு புளிக்கவும் செய்வது அதனால்தான். விழா முடிந்தபின் இதை எடுத்துச் சொன்னோம். உடனே தன் குறிப்பேட்டில் திருத்தி எழுதிக்கொண்டாள்.

நொதித்தலுக்கு உயிர் வேண்டும் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1850களின் பிற்பகுதியில் தம் ஆய்வுகளால் நிலைநாட்டினார். பின்னர் 1897-இல் ஜெர்மானிய அறிஞர் எடுவர்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தார். உயிருள்ள செல் ஏதும் இல்லாத அச்சாற்றில் சர்க்கரையைச் சேர்த்தபோதும் குமிழிகள் கிளம்பின. செல் தயாரித்து வைக்கும் நொதிகளே சர்க்கரையைச் சிதைக்கும் கருவிகள் என்பது அதனால் தெளிவாயிற்று. 1907-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

உங்கள் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கும்போது இரண்டை மட்டும் மறவாதீர்கள். புட்டியைப் பலூனுக்குப் பதிலாக மூடியால் இறுக மூடிவிடக் கூடாது. வாயு வெளியேற வழியின்றிப் புட்டி வெடிக்கக்கூடும். செய்முறை முடிந்தபின் அந்நீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். அது பருகுவதற்கு உரியதன்று.

அந்தப் பெண்ணுக்கு விழாவில் பரிசு கிடைக்கவில்லை. சோடாவும் வினிகரும் கலந்து நுரை பொங்கும் எரிமலை காட்டிய வேறொரு குழுவுக்கே பரிசு சென்றது. வீடு திரும்பியதும் அவள் முதலில் செய்தது, முதல் நாள் கொதிநீர் ஊற்றிய நான்காவது புட்டியைக் கழுவி வைத்ததுதான். "அடுத்த முறை இதையும் மேடையில் வைப்பேன் உம்மா. இது ஏன் ஊதவில்லை என்று சொன்னால்தான் மற்றது ஏன் ஊதியது என்பது நன்றாக விளங்கும்" என்றாளாம்.