நேரலைக்கு இரண்டு பூட்டுகள்

கடந்த தவணையில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்க் கழகம் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு விவாதப் போட்டி ஒன்றை நடத்தியது. ஊடகப் பொறுப்பு என்னுடையது. அரையிறுதிச் சுற்றன்று நான்காம் படிவ மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “அக்கா, லைவ் போடுவீங்கதானே? அம்மாவுக்கு இன்னைக்கு வேலை. ரெண்டரைக்கு ரெஸ்ட். கேண்டீன்ல உட்கார்ந்து பார்க்கிறேன்னு சொன்னாங்க” என்றாள். அவள் அம்மாவுக்கு ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போடுவோம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மணிக்குச் சுற்று தொடங்க வேண்டும். ஒன்றே முக்கால் மணிக்குக் கழகத்தின் கணக்கைத் திறந்து நேரலையைத் தேடினால், பொத்தானே இல்லை. தேடித் துழாவியபோது ஒரு சின்ன அறிவிப்பு வந்தது: உங்களைப் பின்தொடர்வோர் எண்ணிக்கை போதாது. எங்களுக்கு இருந்தது 143 பேர். மண்டபத்தில் இருந்த எல்லாரையும் கெஞ்சி, பத்து நிமிடத்தில் இருநூறைத் தாண்டினோம். அதுவும் போதவில்லை. செயற்குழுவில் ஒருவன், காசு கொடுத்தால் ஆயிரம் பேர் வாங்கலாம் என்றான். வேண்டாம் என்றோம். கடைசியில் கைப்பேசியில் பதிவு செய்து, ஏழு துண்டாக வெட்டிப் புலனத்தில் அனுப்பினோம். முதல் துண்டு போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாவின் ஓய்வு நேரம் முடிந்திருந்தது.

கோபத்தில்தான் இந்த விதிகளைப் படிக்கத் தொடங்கினேன். படித்த பிறகு பாதிக் கோபம் தணிந்தது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நேரலைக்கு இரண்டு வகைப் பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று, கணக்கு தொடங்கி எத்தனை நாள் ஆகிறது என்பது. மற்றொன்று, எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பது. முகநூல் 2024 ஜூன் 10 முதல் இரண்டையும் வைத்திருக்கிறது. கணக்குக்கு 60 நாளாவது ஆகியிருக்க வேண்டும். பக்கமாகவோ தொழில்முறை நிலையிலோ இருந்தால் 100 பேராவது பின்தொடர வேண்டும். இன்ஸ்டாகிராமில் முன்பு யாரும் நேரலைக்குப் போகலாம். 2025 ஆகஸ்டு முதல் 1,000 பேர் வேண்டும், கணக்கும் எல்லாரும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். டிக்டாக்கில் பதினெட்டு வயது கட்டாயம். பின்தொடர்வோர் எண்ணிக்கை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், பெரும்பாலும் 1,000.

நாள் கணக்குப் பூட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பள்ளிவாசல்களில் நடந்த தாக்குதலைக் கொலையாளி முகநூலில் 17 நிமிடம் நேரலையாகக் காட்டினான். அதன் பிறகு, கடுமையான விதிமீறல் ஒன்று செய்தாலே அந்தக் கணக்குக்கு நேரலையைச் சில காலம் நிறுத்தி வைப்போம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஆனால், தடை செய்யப்பட்டவன் அடுத்த ஐந்து நிமிடத்தில் வேறொரு மின்னஞ்சலில் புதுக் கணக்கு திறந்தால் அந்தத் தடைக்கு என்ன பொருள்? 60 நாள் காத்திருக்க வேண்டும் என்றால் அந்த வழி அடைபடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அது வெறும் பொறுமைச் சோதனை. காலண்டரைப் பார்த்துத் திட்டமிட்டால் போதும்.

எண்ணிக்கைப் பூட்டு அப்படியல்ல. அதே கிறைஸ்ட்சர்ச் நேரலையை, நடந்துகொண்டிருந்தபோது பார்த்தவர்கள் இருநூறுக்கும் குறைவு என்று முகநூலே சொன்னது. கேடு பரவியது பிரதிகளால். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 15 லட்சம் பிரதிகளை நீக்கினார்கள். ஆக, எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதை வைத்து எவ்வளவு ஆபத்து என்று அளக்க முடியாது.

இதற்கு மறுபக்கம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. அந்த நேரலையைப் பற்றி முதல் புகார் வந்ததே, அது தொடங்கி 29 நிமிடம் கழித்துத்தான். அப்போது நேரலை முடிந்து 12 நிமிடம் ஆகியிருந்தது. பார்ப்பவர்கள் குறைவாக இருந்தால் புகார் செய்யவும் ஆள் குறைவு. நல்ல கூட்டம் இருக்கும் கணக்குக்கு மட்டும் நேரலை கொடுத்தால் யாராவது ஒருவர் தட்டிக் கேட்பார் என்று வாதிடலாம். ஆனால், காசுக்கு வாங்கிய ஆயிரம் பேரில் ஒருவருக்கும் கண் கிடையாது. எங்கள் 143 பேரும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆட்கள். பூட்டு எங்களைத் தடுக்கிறது, வாங்கியவனை விடுகிறது என்றால் அது சரியான பூட்டா?

யூடியூப்பின் முறை இதைவிட நியாயமாகத் தெரிகிறது. கைப்பேசிச் செயலி வழியாக நேரலை செய்ய 50 சந்தாதாரர்கள் வேண்டும். ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் அந்த நேரலையை எத்தனை பேர் பார்க்கலாம் என்பதை அவர்கள் கட்டுப்படுத்தலாம். கதவைச் சாத்தாமல் பாதி திறந்து வைப்பது இது. அதோடு, பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கணினி வழியாகச் செய்தால் சந்தாதாரர் எண்ணிக்கையே கேட்கப்படுவதில்லை.

இறுதிச் சுற்று இரண்டு வாரம் கழித்து இருந்ததால், அந்த வழியைப் பிடித்தோம். கழகத்தின் பெயரில் புதிய சேனல், சந்தாதாரர் ஒருவர்கூட இல்லை. கணினியில் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து Settings, அதில் Channel, அதில் Feature eligibility என்ற பகுதிக்குப் போனோம். அங்கே தொலைபேசி எண்ணைக் கேட்கிறது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணைத் தட்டினால் சரிபார்ப்பு முடிகிறது. ஓர் எண்ணை வைத்து ஆண்டுக்கு இரண்டு சேனல்களைத்தான் சரிபார்க்கலாம் என்பதால், யாருடைய எண் என்று முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். பிறகு மேலே Create, அதில் Go live. அங்கேதான் எங்களைத் திடுக்கிட வைத்த செய்தி வந்தது: முதன்முறை நேரலை திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். போட்டியன்று காலையில் அழுத்தியிருந்தால் மறுபடியும் ஏழு துண்டுதான். நாங்கள் ஒரு வாரம் முன்பே அழுத்தியிருந்தோம். மறுநாள் திறந்துவிட்டது. மடிக்கணினியின் கேமராவையே Webcam என்று தேர்ந்தெடுத்து, மாணவர்களின் முகம் ஊரெல்லாம் சுற்ற வேண்டாம் என்று Unlisted என வைத்து, இணைப்பைப் புலனக் குழுவில் மட்டும் போட்டோம்.

உங்களுக்கும் பொத்தான் காணாமல் போனால், எந்தப் பூட்டு என்று முதலில் பாருங்கள். பின்தொடர்வோர் போதுமான அளவு இருந்தும் இல்லையென்றால், இன்ஸ்டாகிராமில் கணக்கு மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யூடியூப்பில் கடந்த 90 நாளில் நேரலைத் தடை ஏதும் விழுந்திருந்தால் திறக்காது. பதிந்திருக்கும் பிறந்த தேதியும் காரணமாகலாம். 2025 ஜூலை 22 முதல் யூடியூப்பில் தனியாக நேரலை செய்ய 16 வயதாக வேண்டும். அதற்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் உடன் தோன்ற வேண்டும். பள்ளி கொடுத்த கணக்கில் முயல்கிறீர்கள் என்றால், அந்தக் கணக்கை நிர்வகிப்பவரே யூடியூப் வசதிகளை அடைத்து வைத்திருக்கலாம். அப்போது எத்தனை பேர் பின்தொடர்ந்தாலும் பயனில்லை, ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும். நேரலையைத் திறந்து தருகிறேன், கடவுச்சொல்லைக் கொடு என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். அப்படிப் போன கணக்குகள் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நிறுவனங்களை இவ்வளவு குறை சொன்னேன். எங்கள் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கழகம் நேற்று முளைத்ததல்ல. பிறகு ஏன் 143 பேர்? பழைய கணக்குகளைத் தேடிப் பார்த்தேன். மூன்று கிடைத்தன. ஒவ்வொரு செயற்குழுவும் பதவிக்கு வந்ததும் புதுக் கணக்கு திறந்திருக்கிறது. பழையது முன்னாள் தலைவரின் எண்ணில் இருக்கும். அவர் பட்டம் வாங்கிப் போனதும் எண்ணும் போய்விடும், கடவுச்சொல்லும் யாருக்கும் தெரியாது. மூன்றையும் கூட்டினால் பின்தொடர்வோர் ஆயிரத்து இருநூறைத் தாண்டுகிறது! பூட்டின் சாவியை ஆண்டுதோறும் நாங்களே குப்பையில் போட்டு வந்திருக்கிறோம். மற்றக் கழகங்களில் விசாரித்துப் பாருங்கள், இதே கதையாகத்தான் இருக்கும்.

இதற்குக் கடவுச்சொல்லைக் கைமாற்றத் தேவையில்லை. முகநூல் பக்கத்தில் இன்னொருவருக்கு முழு அனுமதி கொடுக்கலாம். யூடியூப் சேனலில் Permissions என்ற பகுதியில் புதியவரை மேலாளராகச் சேர்க்கலாம். அவர் தம் சொந்தக் கணக்கிலிருந்தே சேனலை நடத்துவார். ஒப்படைப்புக் கூட்டத்தில் முத்திரையையும் கணக்குப் புத்தகத்தையும் கொடுக்கும்போது இதையும் செய்யலாம், பத்து நிமிட வேலை. அடுத்த செயற்குழுவிலிருந்து இருவரை இப்போதே சேர்த்துவிட்டேன்.

இறுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது. திரையின் ஓரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை பெரும்பாலும் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் ஊசலாடிக்கொண்டிருந்தது. எதிரணியின் கேள்விக்கு அந்த மாணவி பதில் சொல்லி உட்கார்ந்ததும், அரட்டைப் பகுதியில் ஒரே ஒரு வரி வந்தது: “மைக்கைக் கிட்ட வைச்சுப் பேசச் சொல்லுங்கம்மா, கேண்டீன்ல சத்தமா இருக்கு.” எழுந்து போய் மைக்கை நகர்த்தி வைத்தேன்.