பயனிலை வரும்வரை வெட்டாதீர்கள்

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் உரைகளின் முழுப் பதிவைப் பார்ப்பவர் சிலரே. அதே உரையிலிருந்து வெட்டிய, வசனவரிகளுடன் கூடிய ஒரு நிமிடக் காணொளியைப் பேருந்தில் ஒலியை நிறுத்திவிட்டுக்கூடப் பலர் பார்க்கிறார்கள். எனவே துணுக்குகள் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் என் கவலை.

அண்மையில் 70 நிமிட இயற்பியல் உரை ஒன்றைத் துணுக்குகளாக்கினேன். பேச்சாளர் ஓரிடத்தில், “கனமான பொருள்தான் முதலில் தரையைத் தொடும் என்று நினைப்பது தவறு” என்றார். தமிழில் பயனிலை கடைசியில் வருகிறது. மறுப்பும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு வினாடி முன்னதாக வெட்டினால், அவர் மறுத்த கருத்தே அவருடைய கருத்தாகிவிடும். வாக்கியத்தை முழுமையாக விட்டாலும் போதாது. “காற்றுத் தடை இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகவே விழும்” என்ற நிபந்தனையை அவர் அடுத்துத்தான் சொன்னார். அதையும் சேர்த்து, 23:10 முதல் 24:05 வரை 55 வினாடிகளை ஒரு துணுக்காக எடுத்தேன்.

அடுத்த துணுக்கு 1971இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒரே நேரத்தில் கீழே விட்ட நிகழ்வு. அது தனியாகவே நிற்கும். ஆனால் பேச்சாளர் அதை “அதனால்தான்” என்று தொடங்கினார். முன்னே எதுவும் கேட்காதவருக்கு அந்தச் சொல் புரியாது. அதற்கடுத்த வாக்கியத்திலிருந்து தொடங்கினேன்.

இனி, சட்டகம். பதிவு 1920×1080 அளவில் கிடையாக இருந்தது. கைப்பேசிக்கு நிமிர்ந்த 1080×1920 வேண்டும். கிடைப் படத்தின் முழு உயரத்தையும் வைத்துக்கொண்டால் அகலத்தில் 608 புள்ளிகள்தான் கிடைக்கும். அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பேச்சாளரின் முகம் அதில் அடங்கும். பக்கத்தில் இருந்த வரைபடம் போய்விடும். அவர் “இந்தக் கோட்டைப் பாருங்கள்” என்று சொல்லும் இடங்களில் படத்தை அப்படி நறுக்கக்கூடாது. முழுப் படத்தையும் சுருக்கி மேல்பகுதியில் வைத்து, கீழே பேச்சாளரைத் தனியாகப் பெரிதாக்கி வைப்பதே சரி.

வசனவரிகளைப் படத்தோடு பதித்துவிட்டால் பிறகு திருத்த முடியாது. ஓர் எழுத்து தவறினாலும் துணுக்கை மறுபடி உருவாக்கிப் பதிவேற்ற வேண்டும். அதனால் பதிக்கும் முன்பே வரிகளை `.srt` கோப்பில் எழுதி, ஒலியோடு ஒப்பிட்டு, ல, ள, ழ வேறுபாடுகளைத் திருத்திவிட வேண்டும். மறுப்பு இங்கும் பிரியக்கூடாது. “முதலில் தரையைத் தொடும்” வரை ஒரு வசனவரியாகவும் “என்று நினைப்பது தவறு” அடுத்ததாகவும் வந்தால், ஒலியில்லாமல் பார்ப்பவர் முதலாவதைப் படித்துவிட்டுத் தள்ளிவிடுவார். மூன்று சிறு வரிகளாக மடிந்தாலும் அது முழுவதும் ஒன்றாகவே திரையில் நிற்க வேண்டும்.

பேச்சாளர் நடுவில் நிற்கும் துணுக்குக்கு நான் பயன்படுத்திய கட்டளை இது:

```
ffmpeg -ss 00:23:10 -t 55 -i urai.mp4 -vf "crop=608:1080:656:0,scale=1080:1920,subtitles=clip1.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=9,MarginV=60'" clip1.mp4
```

இதில் மூன்றைக் கவனியுங்கள். `-ss` முன்னால் இருப்பதால் துணுக்கின் நேரம் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. `clip1.srt` கோப்பின் நேரங்களும் அப்படியே தொடங்க வேண்டும். முழு உரைக்கு எழுதிய கோப்பைக் கொடுத்தால் 55 வினாடிகளும் வேறெங்கோ உள்ள வரிகளே தோன்றும். இரண்டாவது, எழுத்தளவும் கீழ் இடைவெளியும் திரையின் உயரத்தை 288 பங்காகக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. நிமிர்ந்த படத்தில் இயல்பான அளவு மிகப் பெரிதாகிவிடும், அதனால்தான் 9. கீழே 60 பங்கு விட்டால் செயலியின் பொத்தான்கள் வரிகளை மறைக்கா. மூன்றாவது, தமிழ் எழுத்துகள் சரியாக இணைகின்றனவா என்பது. முதல் சில வினாடிகளை மட்டும் உருவாக்கி, “கொண்டு”, “பொருள்” போன்ற சொற்களைப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் வந்தாலோ புள்ளிவட்டம் தெரிந்தாலோ மென்பொருளையோ எழுத்துருவையோ மாற்ற வேண்டும்.

வெளியிடுவதற்கு முன் துணுக்குகளைப் பேச்சாளருக்கு அனுப்புவதைச் சங்கங்கள் விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. முழு உரையின் இணைப்பையும் அந்தப் பகுதி வரும் நிமிடத்தையும் விளக்கக் குறிப்பில் கொடுக்க வேண்டும். துணுக்கின் கீழே நிற்பது அவருடைய பெயர். அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்க இரண்டு வினாடி போதும்.