பட்டையில் தெரியும் சமானம்

சமான பின்னங்களைப் பத்து வயதுக் குழந்தைகளுக்குப் போதிக்கும்போது, தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும் என்னும் விதியை முதலில் சொல்லிவிட்டு, அதற்குரிய காரணத்தை அவகாசம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பது தலைகீழான முறை என்பது என் திடமான அபிப்பிராயம். காரணம் அறியாமல் ஏற்ற விதியைக் குழந்தை வெகு விரைவில் திரித்துக்கொள்கிறது. பெருக்கினால் மாறாத பின்னம் கூட்டினாலும் மாறாது என்று நம்பி, 1/2 என்பதன் மேலும் கீழும் ஒன்றைக் கூட்டி 2/3 என்று எழுதி, இரண்டும் சமானமே என்று சாதிக்கிறது. விதியை மீண்டும் ஒப்பித்து அதை மறுத்தால் குழந்தை பணியுமே அன்றித் தெளியாது. பட்டையில் 12 செ.மீ. வரை நிற்கும் அரையின் கீழே 16 செ.மீ. வரை நீளும் 2/3-ஐ வைத்துக் காட்டினால், மறுப்புக்கு வார்த்தையே வேண்டியதில்லை.

இதற்கான பட்டைகளை 24 செ.மீ. நீளத்தில் செய்வது உத்தமம். ஏ4 தாளின் நீளத்துக்குள் அது அடங்குகிறது என்பது ஒருபுறமிருக்க, அரைக்கு 12, மூன்றில் ஒன்றுக்கு 8, காலுக்கு 6, ஆறில் ஒன்றுக்கு 4, எட்டில் ஒன்றுக்கு 3, பன்னிரண்டில் ஒன்றுக்கு 2 என்று ஒவ்வொரு பாகமும் முழு சென்டிமீட்டராகவே விழுகிறது. துண்டு துண்டாக வெட்டி அடுக்குவதே பலரும் கைக்கொள்ளும் வழி. ஆனால் துண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மிகுந்தாலும் 8/12 என்பது 16.8 செ.மீ. ஆகி, 2/3-ஐ விடத் தான் பெரிது என்று பொய்ச்சாட்சி சொல்லிவிடும். ஆகையால் அளவுகோலை ஒரே தடவை வைத்து, பூஜ்யத்திலிருந்தே எல்லாக் குறிகளையும் இட்டு, கோடு போட்டு, பட்டையை வெட்டாமலே கொடுப்பது நலம். ஒப்பிடும்போது இடப்பக்க ஓரங்கள் ஒன்றாக நிற்கின்றனவா என்பதையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஜோடி சேர்க்கும் விளையாட்டுக்கு இருபது சீட்டுகள் போதும். அரையின் குடும்பத்தில் 1/2, 2/4, 3/6, 4/8, 6/12 என ஐந்து. 1/3, 2/3, 1/4, 3/4 ஆகியவற்றின் குடும்பங்களில் மும்மூன்று. இவற்றோடு ஜோடியே இல்லாத 5/8, 7/12, 5/12 என்னும் மூன்று. சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து ஆடுவது ஞாபகசக்தியைப் பரீட்சிக்குமே அன்றிப் பின்ன அறிவைப் பரீட்சிக்காது; எல்லாவற்றையும் நிமிர்த்தியே பரப்ப வேண்டும். ஒருவர் ஜோடியைச் சொல்ல, எதிராளி பட்டைகளை வைத்துச் சரிபார்ப்பார். தவறினால் சீட்டுகள் திரும்பிப் போகும். ஜோடியற்ற சீட்டுகளின் பிரயோசனம் இங்கேதான் விளங்கும்: 15 செ.மீ. உள்ள 5/8-ஐ 16 செ.மீ. உள்ள 4/6-ஓடு சேர்க்கத் துடிக்கும் குழந்தை, ஏறக்குறைய ஒன்று என்பதும் சமானம் என்பதும் வேறு என்று தன் கையாலேயே கண்டுகொள்கிறது. ஆட்ட முடிவில் எட்டுச் சீட்டுகள் மிஞ்சும். அவற்றுள் எவற்றுக்கு உறவினர் ஏற்கெனவே போய்விட்டார்கள், எவற்றுக்கு உறவே இல்லை என்று கேட்பது ஆட்டத்தினும் சுவையானது.

பதிவுத்தாள் அரைப்பக்கத்தை மீறக் கூடாது. இரண்டு பின்னங்களுக்கு இரண்டு கட்டங்கள், பட்டையை வைக்குமுன் செய்த ஊகத்துக்கு ஒன்று, ‘ஒவ்வொரு துண்டும் எத்தனையாகப் பிரிந்தது?’ என்பதற்கு ஒன்று, ஆறு வரிசைகள். கடைசிக் கட்டத்துக்காகவே தாள் இருக்கிறது. 2/3-உம் 8/12-உம் ஒரே இடத்தில் முடிகின்றன என்று காண்பது கண்ணின் வேலை. மூன்றிலொரு துண்டு ஒவ்வொன்றும் நான்காகப் பிரிந்ததனால், இரண்டு துண்டு எட்டாகவும் முழுதின் மூன்று பன்னிரண்டாகவும் ஆயின என்று எழுதுவதே பெருக்கல் விதியின் நிரூபணம்.

இதில் மிகவும் கடினமான ஜோடி 6/8-உம் 9/12-உம் ஆகும். இரண்டும் 18 செ.மீ.; ஆயினும் ஆறை எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் ஒன்பது வாராதாகையால், விதியை மட்டும் கற்ற குழந்தை இவை சமானமல்ல என்று தீர்த்துவிடும். பட்டை மறுக்கும்போது குழந்தை திகைத்து நிற்கும். அத்தருணத்தில் ஆசிரியர் விடையைச் சொல்லிவிடாமல், காலின் பட்டையை இரண்டுக்கும் நடுவே வைக்கச் சொன்னால், முக்காலின் ஒவ்வொரு துண்டும் மேலே இரண்டாகவும் கீழே மூன்றாகவும் பிரிந்திருப்பது புலனாகும்.

இந்தப் பட்டைகளில் ஐந்திலொன்று அகப்படாது. 24-ஐ ஐந்தால் வகுத்தால் 4.8. ஐந்துக்கும் பத்துக்கும் 20 செ.மீ. பட்டைகளைத் தனியே செய்யலாம்; ஆனால் இரு தொகுப்புகளையும் ஒரே மேஜையில் கலக்கலாகாது. முழுமை மாறினால் அரையும் மாறும், 10 செ.மீ. அரையையும் 12 செ.மீ. அரையையும் பார்க்கும் குழந்தை இரண்டும் வேறு பின்னங்கள் என்றே முடிவு செய்யும்.

பட்டைகளை எப்போது எடுத்து வைக்கலாம் என்பதற்குப் பதிவுத்தாளின் கடைசி வரிசையில் 5/8, 10/16 என்று எழுதிக் கொடுப்பதே தக்க பரீட்சை. பதினாறின் பட்டை கையில் இல்லை. ‘ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்தது’ என்று எழுதும் குழந்தைக்குப் பட்டை இனித் தேவையில்லை. பதினாறின் பட்டை எங்கே என்று தேடும் குழந்தை இன்னும் சில நாள் அதனோடு இருக்கட்டும்.