கோப்பில் இல்லாத மூன்று எண்கள்

தரவறிவியல் வகுப்புகளில் ஒரு வகை ஒப்படைப்பு உண்டு. ஓட்டப் பயிற்சியின்போது கைக்கடிகாரமோ கைப்பேசியோ பதிந்த ஜி.பி.எஸ். தடக் கோப்பு ஒன்று மாணவருக்கு அனுப்பப்படும். உடன் வருவது ‘ஆய்வு செய்க’ என்னும் ஒற்றைக் கட்டளை. மாணவர் ஒரு நிரல் எழுதி, சராசரி பேஸ், மொத்த ஏற்றம், நின்ற நேரம் என மூன்று எண்களைத் தருவார். ஆசிரியர் கையிலுள்ள எண்களோடு அவை பொருந்தினால் முழு மதிப்பெண். ‘ஏற்றத்தை இக்கோப்பிலிருந்து கூற இயலாது’ என்று எழுதியவருக்கு மதிப்பெண் குறையும்.

இந்த நடைமுறை தவறானது. கேட்கப்பட்ட மூன்று எண்களில் ஒன்றுகூட அக்கோப்பில் இல்லை. ஜி.பி.எக்ஸ். வடிவக் கோப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் அடிப்படையாக இருப்பவை நான்கே: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம். பேஸ், ஏற்றம், நிறுத்தம் ஆகிய மூன்றும் ஆய்வாளர் எடுக்கும் முடிவுகளின் விளைவுகள். முடிவுகளைக் கேளாமல் எண்களை மட்டும் கேட்கும் ஒப்படைப்பு, ஆய்வைக் கற்பிப்பதில்லை. முடிவுகளை மறைக்கும் பழக்கத்தையே கற்பிக்கிறது.

மும்பையின் மரைன் டிரைவைக் களமாகக் கொண்ட ஒரு மாதிரிக் கோப்பை வைத்து இதைச் சோதிக்கலாம். கடலோரமாக வளைந்து செல்லும் அச்சாலை சுமார் 3.6 கிலோமீட்டர் நீளமுடையது; ஏறத்தாழ முற்றிலும் சமதளம். ஒருவர் ஞாயிறு காலை 5.20 மணிக்கு ஒரு முனையில் தொடங்கி, மறுமுனைவரை ஓடித் திரும்புகிறார். கைப்பேசி நொடிக்கொரு புள்ளி பதிகிறது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை கடிகாரப்படி 49 நிமிடங்கள், அதாவது 2,940 நொடிகள். அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளிகளைக் கூட்டினால் 7.40 கிலோமீட்டர் வருகிறது.

முதலில் நிறுத்தங்களைக் காண வேண்டும். பேஸ் கணக்கு அவற்றைச் சார்ந்தே நிற்கிறது. கோப்பின் நடுவில் அடுத்தடுத்து வரும் இரு புள்ளிகள் இவை:

```
<trkpt lat="18.94310" lon="72.82290">
  <ele>-58.4</ele>
  <time>2024-01-07T00:16:12Z</time>
</trkpt>
<trkpt lat="18.94318" lon="72.82287">
  <ele>-56.9</ele>
  <time>2024-01-07T00:20:22Z</time>
</trkpt>
```

நேரத்தின் இறுதியிலுள்ள `Z` என்னும் எழுத்து, அது உலகப் பொது நேரம் என்பதைக் குறிக்கிறது. இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முன்னே செல்வது. ஆகவே இந்த ஓட்டம் கோப்பில் சனிக்கிழமை 23:50 மணிக்குத் தொடங்கி ஞாயிறன்று முடிகிறது. நாள்வாரியாகத் தரவைப் பிரிக்கும் நிரல் ஒரே ஓட்டத்தை இரண்டாக உடைத்துவிடும்.

இவ்விரு புள்ளிகளுக்கிடையே 250 நொடிகள் கழிந்துள்ளன. நகர்ந்த தொலைவோ ஏறத்தாழ ஒன்பது மீட்டர். ஓடுபவர் பதிவை நிறுத்திவைத்து நின்றிருக்கிறார் என்பதே இதற்கு இயல்பான விளக்கம். சிறிது தூரம் கடந்து இன்னோர் இடைவெளி வருகிறது. அதில் 38 நொடிகள் கழிந்துள்ளன. தொலைவு 105 மீட்டர். நொடிக்கு 2.76 மீட்டர் என்பது அவருடைய வழக்கமான ஓட்ட வேகம். அங்கே அவர் நிற்கவில்லை. கருவிதான் புள்ளிகளைத் தவறவிட்டிருக்கிறது. மூன்றாவதாக ஓரிடத்தில் நேர இடைவெளியே இல்லை. தொண்ணூறு நொடிகளுக்குப் புள்ளிகள் ஒழுங்காக வருகின்றன. ஆனால் அனைத்தும் ஆறு மீட்டர் ஆரத்துக்குள் சுற்றிச் சுற்றி அலைகின்றன. அவர் பதிவை நிறுத்தாமல் நின்று தண்ணீர் குடித்திருக்கலாம். நின்ற மனிதருக்கும் ஜி.பி.எஸ். பிழை எழுபது மீட்டர் தொலைவைச் சேர்த்துக் கொடுத்துவிட்டது.

நேர இடைவெளியை மட்டும் பார்த்தால் இம்மூன்றையும் பிரித்தறிய முடியாது. ‘முப்பது நொடிக்கு மேற்பட்ட இடைவெளி நிறுத்தமாகும்’ என்று ஒரே வரியில் விதி எழுதும் நிரல், முதலாவதைச் சரியாகப் பிடிக்கும். இரண்டாவதைத் தவறாக நிறுத்தம் என்று கொள்ளும். மூன்றாவதைக் காணவே காணாது. இடைவெளிக்குள் எவ்வளவு தொலைவு நகரப்பட்டது, தொடக்கப் புள்ளிக்கும் இறுதிப் புள்ளிக்கும் இடையிலான நேர்த்தொலைவு எவ்வளவு என்னும் இரண்டையும் சேர்த்து நோக்கினாலே மூன்றும் தெளியும். புதிய `<trkseg>` தொடங்கும் இடமே நிறுத்தம் என்று கொள்வதும் போதாது. சமிக்ஞை துண்டிக்கப்படும்போதும் புதிய பகுதி தொடங்கலாம். நிறுத்தத்தின்போது தொடங்காமலும் இருக்கலாம். மேலே கண்ட 250 நொடி நிறுத்தம் ஒரே பகுதிக்குள்தான் இருக்கிறது.

இப்போது பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆகும் நேரம். அலைச்சலால் சேர்ந்த 70 மீட்டரைக் கழித்தால் தொலைவு 7.33 கிலோமீட்டர். நின்ற 250 நொடிகளையும் 90 நொடிகளையும் நீக்கினால் ஓடிய நேரம் 2,600 நொடிகள். பேஸ் 5 நிமிடம் 55 நொடி. நின்ற நேரத்தையும் சேர்த்தால் 6 நிமிடம் 41 நொடி. இரண்டும் சரியே, ஆனால் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள். ஓடும்போது கால்கள் எவ்வளவு விரைவாக இயங்கின என்பதற்கு முதலாவது விடை. இதே ஓட்டம் ஒரு போட்டியாக இருந்திருந்தால் என்ன பேஸ் கிடைத்திருக்கும் என்பதற்கு இரண்டாவது விடை. போட்டிக் கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை. மேலும், நான்கு நிமிட ஓய்வுக்குப் பின் வந்த கிலோமீட்டர்கள் விரைவாக இருந்தால், அதைத் தாங்குதிறனுக்குச் சான்றாகக் காட்டவும் இயலாது.

மேலே சொன்ன ஒற்றை வரி விதியின் கதியைப் பார்க்க வேண்டும். அது 250 நொடிகளோடு 38 நொடிகளையும் கழிக்கிறது, தொண்ணூறு நொடிகளை விட்டுவிடுகிறது, தொலைவை 7.40 என்றே வைத்துக்கொள்கிறது. கிடைப்பது 5 நிமிடம் 58 நொடி. சரியான எண்ணிலிருந்து மூன்றே நொடி வேறுபாடு! ஒரு பிழை பேஸைக் கூட்ட, மற்றவை குறைக்க, அவை ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துகொண்டன. எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் இடுபவர் இந்த நிரலையும் சரி என்றே கொள்வார். அடுத்த கோப்பில் பிழைகள் ஒரே திசையில் சேரும்போது அதே நிரல் ஓடாத ஓட்டத்தைக் காட்டும்.

நொடிவாரியான பேஸ் வரைபடம் இன்னும் ஏமாற்றக்கூடியது. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என ஓடுபவர் ஒரு நொடியில் 2.78 மீட்டர் நகர்கிறார். அந்த ஒரு நொடியின் அளவீட்டில் ஒரு மீட்டர் கூடினால் பேஸ் 4:25 ஆகத் தோன்றும். ஒரு மீட்டர் குறைந்தால் 9:22. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞைகள் இத்தகைய பிழையை எளிதில் உண்டாக்கும். அவ்வரைபடத்தின் முகடுகளுக்கு ‘இங்கே வேகமெடுத்தார், இங்கே தளர்ந்தார்’ என்று விளக்கம் எழுதும் மாணவர், ஓடியவரைப் பற்றி எழுதவில்லை; அலைவாங்கியின் நடுக்கத்தைப் பற்றியே எழுதுகிறார். அரை நிமிடத்துக்கோ நூறு மீட்டருக்கோ சராசரி எடுத்த பிறகே வேகத்தைப் பற்றிப் பேச இடமுண்டு. எந்தச் சாளரம் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதும் அப்போது விடையின் பகுதியாக வேண்டும்.

மூன்றில் மிகவும் நலிந்தது ஏற்றக் கணக்கு. மேற்கண்ட புள்ளிகளில் உயரம் கடல்மட்டத்துக்கு ஐம்பத்தெட்டு மீட்டர் கீழே இருப்பதாகப் பதிவாகியுள்ளது. சாலை கடலுக்குள் மூழ்கிவிடவில்லை. ஜி.பி.எஸ். தன் உயரத்தைப் பூமியின் உருவத்தைத் தோராயமாகக் குறிக்கும் ஒரு கணித வடிவத்திலிருந்து அளக்கிறது. உண்மையான சராசரிக் கடல்மட்டம் அவ்வடிவத்தோடு ஒத்திருப்பதில்லை. இந்தியப் பெருங்கடல் பகுதியில் அது பெரிதும் தாழ்ந்திருக்கிறது. மும்பையில் அத்தாழ்வு அறுபது மீட்டருக்கும் மேல். இதைத் திருத்தாமல் அப்படியே எழுதிவைக்கும் கைப்பேசிச் செயலிகள் உண்டு. ‘எதிர்மறை உயரம் தவறான தரவு’ என்று நீக்கும் மாணவர் முழு ஓட்டத்தையும் நீக்கிவிடுவார். இத்தனைக்கும் இந்த வேறுபாடு ஏற்றத்தைப் பாதிப்பதில்லை. எல்லாப் புள்ளிகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவாகவே அது அமைகிறது.

ஏற்றத்தைப் பாதிப்பது சிறு நடுக்கமே. ஒவ்வோர் உயர்வையும் கூட்டி, தாழ்வுகளை விட்டுவிடுவதுதான் மொத்த ஏற்றத்தின் எளிய கணக்கு. பதிவான உயரம் ஒரு நொடி பத்து சென்டிமீட்டர் ஏறி, மறு நொடி அதே அளவு இறங்குவதாகக் கொள்வோம். 2,600 நொடிகளில் 1,300 உயர்வுகள். கூட்டினால் 130 மீட்டர். சமதளக் கடற்கரைச் சாலையில் ஒரு குன்று எழுந்துவிட்டது! மூன்று மீட்டருக்குக் குறைந்த உயர்வுகளைக் கணக்கில் கொள்வதில்லை என்று விதி வைத்தால் அதே நடுக்கம் சுழியாகும். 130, 0 ஆகிய இரண்டில் எது விடை என்பதைக் கோப்பு சொல்லாது. வரம்பைத் தேர்ந்தவர்தான் சொல்ல வேண்டும்.

காற்றழுத்தமானி உள்ள கடிகாரத்தில் இந்த நொடி நடுக்கம் குறைவு. ஆனால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் கடல்மட்டத்தருகே உயரம் எட்டு மீட்டருக்கு மேல் மாறியதாகக் காட்டும். வானிலை மாற்றமும் அவ்வாறே பதிவாகும். செயற்கைக்கோள் உயர வரைபடத்திலிருந்து உயரத்தைப் பெறுவோரும் கவனமாக இருக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் எஸ்.ஆர்.டி.எம். தரவு 2000ஆம் ஆண்டு விண்ணோடம் ஒன்றிலிருந்து ரேடார் மூலம் அளக்கப்பட்டது. அதன் கட்டம் ஒன்றின் பக்கம் ஏறத்தாழ முப்பது மீட்டர். ரேடார் கட்டடங்களின் மேற்பரப்பையும் சேர்த்தே பார்த்தது. தடம் சற்றே விலகிச் சாலையோர மாடிக் கட்டடங்களின் கட்டத்துக்குள் விழுந்தால், ஓடியவர் மாடியேறியதாகிவிடும்.

இவற்றைச் சரிபார்க்க வழி இல்லாமலில்லை. போன வழியே திரும்பிய ஓட்டத்தில் ஒரே இடம் இருமுறை பதிவாகிறது. ஒரே இடத்தின் இரு உயரங்களும் எவ்வளவு மாறுபடுகின்றனவோ, பிழையின் அளவை மதிப்பிட அவ்வளவு போதும். தொடங்கிய இடத்திலேயே முடித்தும் உயரம் பத்து மீட்டர் வேறுபட்டால், சில மீட்டர் ஏற்றத்தைப் பற்றி அக்கோப்பு பேச இயலாது.

தொடக்கநிலை மாணவருக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கப்படலாம். ஆயத்த நிரலகம் ஒன்று எல்லாவற்றையும் கணக்கிடுகிறதே என்றும் சொல்லப்படலாம். நிரலகமும் இதே முடிவுகளைத்தான் எடுக்கிறது. எவரையும் கேளாமல் எடுக்கிறது என்பதே வேறுபாடு. எழுதியவரின் வரம்புகள் பயன்படுத்துபவரின் விடையாகிவிடுகின்றன. மேற்கண்ட சோதனைகளில் கழித்தலையும் வகுத்தலையும் தாண்டிய கணிதம் ஏதுமில்லை. முதலாண்டு மாணவர் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம்.

ஆகவே மாற வேண்டியது மாணவர் அல்லர், வினாத்தாள். ‘ஆய்வு செய்க’ என்பதற்குப் பதிலாக, ‘இவ்வோட்டக்காரர் அடுத்த மாதப் போட்டியில் என்ன பேஸை நம்பலாம்? எந்த இடைவெளிகளை நிறுத்தம் எனக் கொண்டீர், ஏன்?’ என்று கேட்கலாம். ‘கடிகாரப்படி 6:41, ஓடிய நேரப்படி 5:55, நிறுத்தங்கள் இரண்டு, ஒரு பதிவு இழப்பு, ஏற்றத்தை இக்கோப்பிலிருந்து கூற இயலாது, ஏனெனில் வரம்பை மாற்றினால் விடை 0 முதல் 130 மீட்டர் வரை மாறுகிறது’ என்று ஒருவர் எழுதினால், முழு மதிப்பெண் அவருக்கே உரியது. ‘130.0 மீட்டர்’ என்று தசமப் புள்ளியோடு எழுதியவரிடம் அவ்வெண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.