ஏஜென்ட் ரெஃபரல் கேட்கலாம். உங்க நண்பரோட நம்பரைக் கேட்கக்கூடாது

ஹெல்த் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் நல்லபடியா முடிஞ்சவங்க பலர் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டிருக்காங்க. “ஏஜென்ட் ராத்திரி பத்து மணிக்குக்கூட போனை எடுத்துப் பேசினார் சார். இப்போ அஞ்சு நண்பர்களோட பேரும் நம்பரும் கேட்டு மெயில் போட்டிருக்கார். கொடுக்கிறதுதானே மரியாதை?”

ஏஜென்ட் ரெஃபரல் கேட்கிறதுல எந்தத் தப்பும் இல்லை. அது அவரோட தொழில். யார்னே தெரியாதவங்களுக்கு போன் அடிக்கிறதைவிட, திருப்தியா இருக்கிற வாடிக்கையாளர்கிட்ட கேட்கிறது எவ்வளவோ மேல். ஆனா நம்பர் கேட்கிற மெயில் தப்பான மெயில். அந்த நம்பர் உங்களுடையது இல்லை, உங்க நண்பருடையது. நீங்க அதைக் கொடுத்ததுமே, அவருக்குத் தெரியாம அவர் ஒரு விற்பனைப் பட்டியல்ல ஏறிடுறார். நாளைக்கு போன் வரும்போது “உங்க ஃப்ரெண்டுதான் கொடுத்தார்”னு உங்க பேரும் சேர்ந்தே போகும்.

பொதுவா வர்ற மெயில் எப்படி இருக்கும்னு பாருங்க:

“அன்புள்ள சார், உங்கள் தந்தையின் சிகிச்சைக்கு 1,80,000 ரூபாய் க்ளெய்ம் பெற்றுத் தந்தோம். இதேபோல் உங்கள் நண்பர்களும் பயன்பெற, ஐந்து பேரின் பெயர், மொபைல் எண்ணை இந்த வாரத்துக்குள் அனுப்பவும். பாலிசி எடுக்கும் ஒவ்வொருவருக்கும் உங்களுக்கு 500 ரூபாய் ஷாப்பிங் வவுச்சர் உண்டு.”

முதல் வரியிலேயே சிக்கல். க்ளெய்மை முடிவு பண்றது இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஏஜென்ட் பேப்பர் வேலையில உதவுறார். அது பெரிய உதவிதான், நான் மறுக்கல. ஆனா “பெற்றுத் தந்தோம்”னு எழுதும்போது, நாம ஏதோ கடன்பட்ட மாதிரி ஆகிடுது. உண்மையில அவருக்கு உங்க பிரீமியத்துல இருந்து கமிஷன் போயிருக்கு, ரினியூவல் அப்பவும் போகும். அதனால நன்றி சொல்லுங்க, தாராளமா. நம்பர் கொடுத்துத்தான் கணக்கு தீர்க்கணும்னு இல்லை.

அடுத்தது அந்த வவுச்சர். பல பேர் இதைச் சின்ன அன்பளிப்புன்னு நினைக்கிறாங்க. இன்ஷூரன்ஸ் சட்டம் 1938-ன் 40-வது பிரிவுப்படி, பிசினஸ் பிடிச்சுத் தர்றதுக்கான கமிஷனோ பரிசோ முறையா பதிவு பண்ணின ஏஜென்ட், இடைத்தரகர் தவிர வேற யாருக்கும் தரக்கூடாது. உங்களுக்கு அந்தப் பதிவு கிடையாது இல்லையா? சரி, வவுச்சர் வேண்டாம், “உங்க நண்பருக்கு முதல் பிரீமியத்துல என் கமிஷன்ல பாதியைக் கழிச்சுத் தர்றேன்”னு சொன்னா? அது 41-வது பிரிவு. கொடுக்கிறதும் தப்பு, வாங்குறதும் தப்பு. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். நீங்க கையெழுத்துப் போட்ட புரொபோசல் ஃபார்ம்லயே இந்தப் பிரிவை அச்சடிச்சிருப்பாங்க, எடுத்துப் பாருங்க. (யாரும் படிக்கிறதில்லை, தெரியும்.)

இப்போ நல்ல மெயிலுக்கு வருவோம். சம்பளக்காரங்க நமக்கு இது எதுக்குன்னு கேட்காதீங்க. நிறைய வீட்டுல சித்தப்பாவோ அக்காவோ ஏஜென்டா இருக்காங்க, “கொஞ்சம் மெயில் டைப் பண்ணிக் கொடுடா”ன்னு நம்மகிட்டதான் வர்றாங்க. அப்போ இப்படி எழுதிக் கொடுங்க:

“வணக்கம் சார். அப்பா இப்போது நலமாக இருக்கிறார் என்று போனில் சொன்னீர்கள், மகிழ்ச்சி. க்ளெய்ம் தொகை முழுவதும் வந்துவிட்டதா, ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது தாமாகவே ஹெல்த் பாலிசி பற்றி உங்களிடம் கேட்டால், கீழே உள்ள என் விவரத்தை அவருக்கு அனுப்பலாம். அவர்களுடைய எண்ணை எனக்கு அனுப்ப வேண்டாம். விருப்பம் இருந்தால் அவர்களே பேசட்டும். அவர் என் மூலம் பாலிசி எடுத்தால் எனக்குக் கமிஷன் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் ரினியூவலுக்கும், இனி வரும் க்ளெய்முக்கும் நான் செய்யும் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை மறுபடியும் கேட்க மாட்டேன்.”

அவ்வளவுதான். கீழே பேர், ஏஜென்ட் கோடு, போன் நம்பர், எந்தக் கம்பெனியோட ஏஜென்ட்ங்கிற விவரம்.

இதுல எனக்கு முக்கியமாப் படுறது கடைசிப் பத்தி. வாடிக்கையாளர் மனசுல வெளியே சொல்லாத ஒரு பயம் இருக்கு: “இப்போ முடியாதுன்னு சொன்னா, நாளைக்கு அம்மாவுக்கு ஒண்ணுன்னா இவர் போன் எடுப்பாரா?” இந்தப் பயம் இருக்கிற வரைக்கும், மெயில் எவ்வளவு பணிவா இருந்தாலும் அது அழுத்தம்தான். “உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்”னு ஒரு வார்த்தை சேர்த்தா அது போயிடாது. ரெண்டுக்கும் சம்பந்தமில்லைன்னு வெளிப்படையா எழுதணும். எழுதினபடி நடக்கவும் செய்யணும்.

எப்போ அனுப்புறதுங்கிறதும் அதே மாதிரிதான். க்ளெய்ம் நிலுவையில இருக்கும்போது இந்த மெயில் போகவே கூடாது. ஒரே ஒரு பில்லுக்கு விளக்கம் கேட்டிருந்தாக்கூட க்ளெய்ம் முடியலைன்னுதான் அர்த்தம். டிஸ்சார்ஜ் அன்னிக்கும் வேண்டாம். புது பாலிசி கைக்கு வந்த முதல் 30 நாளும் வேண்டாம். அது ஃப்ரீ லுக் காலம். பிடிக்கலைன்னா பாலிசியைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிற நேரம். நீங்களே பாலிசியைப் படிச்சு முடிக்கல, அதுக்குள்ள “திருப்தியான வாடிக்கையாளர்”னு உங்களை எப்படிக் கணக்குல எடுக்க முடியும்? என்னைக் கேட்டா, பணம் செட்டில் ஆகி மூணு நாலு வாரம் கழிச்சு அனுப்புறது சரி. அதுக்குள்ள ஆஸ்பத்திரி டென்ஷனும் அடங்கியிருக்கும், பிடிச்ச தொகை எவ்வளவு, வந்த தொகை எவ்வளவுன்னு நிதானமாப் பார்த்திருப்பீங்க.

நல்ல மெயிலே வந்தாலும், ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி எதுக்கு உத்தரவாதம் தர்றீங்கன்னு யோசிங்க. “போன் எடுத்தார், பேப்பர் வேலையை ஒழுங்காப் பண்ணினார், 1,80,000-ல 1,72,000 வந்துச்சு, கையுறை மாதிரி சில பொருளுக்குப் பிடிச்சாங்க.” இது நீங்க நேர்ல பார்த்தது, தைரியமாச் சொல்லலாம். “நான் எடுத்த பாலிசியையே எடு”ன்னு சொல்றது வேற. உங்க அப்பாவுக்கு வந்தது டெங்கு. உங்க நண்பரோட அம்மாவுக்குப் பத்து வருஷமா சுகர். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரைக்கும் இருக்கலாம். உங்களுக்கு சுலபமா வந்த க்ளெய்ம், அதே பாலிசியில அவங்களுக்கு ரெண்டாவது வருஷம் நிராகரிக்கப்படலாம். அதனால ஃபார்வர்ட் பண்ணும்போது உங்க பங்குக்கு ரெண்டு வரி சேர்த்துடுங்க: “எனக்கு சர்வீஸ் நல்லா இருந்துச்சு. இவருக்குக் கமிஷன் உண்டு. காத்திருப்புக் காலம், ரூம் ரென்ட் லிமிட் ரெண்டையும் நீயே கேட்டுக்கோ.”

ஏற்கெனவே நம்பர் கேட்டு மெயில் வந்திருந்தா, சண்டை எதுவும் வேண்டாம். “நம்பரை நான் பகிர்றதில்லை சார், உங்க விவரத்தை அனுப்புங்க, யாராவது கேட்டா கொடுக்கிறேன்”னு ஒரு வரி பதில் போதும். நல்ல ஏஜென்ட் சரின்னு விட்டுடுவார். அதுக்கு அப்புறமும் வாரா வாரம் நினைவூட்டல் வந்தா, அடுத்த ரினியூவலுக்கு அவர் லிங்க் அனுப்புறதுக்காகக் காத்திருக்காம, கம்பெனி வெப்சைட்ல நீங்களே பிரீமியம் கட்டிடலாம். பாலிசிக்கும் க்ளெய்முக்கும் அதனால எந்தப் பாதிப்பும் வராது.