மூலத்தில் எந்த வரி?

“தகவல் கோரும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய்.” இந்த வாக்கியத்தில் குறை காண்பது கடினம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு ஆர்.டி.ஐ. மனு போட்டவர்களுக்கு அந்தப் பத்து ரூபாய் நன்றாகவே தெரியும். ஆனால் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6, 7 ஆகிய இரண்டு பிரிவுகளை மட்டும் சாட்பாட்டிடம் கொடுத்துச் சுருக்கித் தரச் சொல்லி, வந்த சுருக்கத்தில் இந்த வாக்கியம் இருந்தால் அது பிழை. அந்தப் பிரிவுகளில் பத்து ரூபாய் என்ற பேச்சே கிடையாது. விதிகளில் குறிக்கப்படும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்பதோடு சட்டம் நிறுத்திக்கொள்கிறது. தொகையைச் சொல்வது மத்திய அரசு தனியாக வகுத்த விதிகள்.

உண்மையைத்தானே சொல்லியிருக்கிறது, இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். மாநில அரசுகளும் நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் தங்களுக்கென்று விதி வகுத்துக்கொள்ள இதே சட்டம் இடம் தருகிறது. தொகையை எழுதாமல் விட்டதற்குக் காரணமே அதுதான். “சட்டம் பத்து ரூபாய் என்கிறது” என்று ஒருவர் கட்டுரையில் எழுதினால், சட்டம் வேண்டுமென்றே திறந்து வைத்த ஒன்றை அவர் மூடிவிடுகிறார். சரிபார்ப்பவர் இணையத்தில் தேடினால் பத்து ரூபாய் என்றுதான் வரும்; ‘சரி’ என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். முழுப் பொய்யை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். மூலத்தில் இல்லாத உண்மைதான் எல்லாக் கண்ணுக்கும் தப்பும்.

ஒரு சுருக்கத்தைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்கலாம். இது உலகத்தில் உண்மையா என்பது ஒன்று. இதை இந்த ஆவணம் சொல்கிறதா என்பது இன்னொன்று. இந்தத் தலையங்கம் இரண்டாவதைப் பற்றியது. முதல் கேள்விக்கு விடை தேட உலகம் முழுக்க அலைய வேண்டும். இரண்டாவதற்கு மேசைமேல் கிடக்கிற ஆவணம் போதும். துறை வல்லுநராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மாதிரிக்கு ஒரு சுருக்கத்தை எடுத்துக்கொள்வோம். நாங்களே எழுதிப் பார்த்ததுதான், ஆனால் இதில் உள்ள கோளாறுகள் எல்லாம் வழக்கமாக வருகிறவை. மேலே சொன்ன இரண்டு பிரிவுகளின் சுருக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“பத்து ரூபாய் கட்டணத்துடன் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் தகவல் கேட்கலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் தகவலைத் தர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தாமதமானால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் விதிக்கப்படும். இதன்மூலம் அரசு நிர்வாகத்தின் வெளிப்படைத்தன்மை பெருமளவு அதிகரித்துள்ளது.”

படிக்கச் சுகமாக இருக்கிறது. அந்தச் சுகத்திலேயே ஏமாந்துபோகிறோம் என்பதால் முதல் வேலை இதை உடைப்பது. ஒரு வாக்கியத்தில் மூன்று செய்திகள் இருந்தால் மூன்று வரிகளாகப் பிரித்து எழுத வேண்டும். முதல் வாக்கியத்திலேயே கட்டணம் எவ்வளவு, யார் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டுமா என்று மூன்று தனிச் செய்திகள் இருக்கின்றன. சேர்ந்து இருக்கும்போது மெய்யான இரண்டின் தோளில் ஏறி மூன்றாவதும் உள்ளே வந்துவிடும். பிரித்தால் ஒவ்வொன்றும் தன் காலில் நிற்க வேண்டும்.

அடுத்தது, ஒவ்வொரு வரிக்கும் மூலத்தில் இடம் தேடுவது. ‘இப்படி எங்கேயோ படித்த ஞாபகம்’ என்பது இங்கே செல்லாது. எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு என்று பென்சிலால் ஓரத்தில் குறிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை என்பதற்கு 6(2) இருக்கிறது. 48 மணி நேரத்துக்கு 7(1)இன் இறுதியில் வரும் வரம்புரை இருக்கிறது. இரண்டும் தேறிவிட்டன. பத்து ரூபாய்க்கு எதிரே ஓரம் காலியாகவே இருக்கும். 250 ரூபாய் அபராதத்துக்கும் அப்படித்தான். அது சட்டத்தில் உண்டு, ஆனால் 20ஆம் பிரிவில். நாம் கொடுத்த பக்கங்களில் இல்லை. அங்கே போய்ப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். தகுந்த காரணமின்றித் தாமதித்தார் என்று தகவல் ஆணையம் கருதினால்தான் அபராதம், அதுவும் அலுவலரின் விளக்கத்தைக் கேட்ட பிறகு, மொத்தத்தில் 25,000 ரூபாய்க்கு மேல் போகாமல். சுருக்கத்தில் இந்த நிபந்தனைகள் எல்லாம் உதிர்ந்து, தாமதமானால் தானாக விழும் தண்டனைபோல ஆகிவிட்டது.

‘30 நாட்களுக்குள் தகவலைத் தர வேண்டும்’ என்ற வரிதான் இவற்றில் தந்திரமானது. இதற்கு இடம் இருக்கிறது, 7(1)தான். எண்ணும் சரி. அவசரக்காரர் டிக் போட்டுவிடுவார். ஆனால் மூல வாக்கியத்தை முழுவதுமாகப் படித்தால், 30 நாட்களுக்குள் தகவலைத் தர வேண்டும் அல்லது 8, 9 பிரிவுகளில் சொன்ன காரணங்களில் ஒன்றைக் காட்டி மறுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. கெடு பதில் சொல்வதற்கு. தகவல் தந்தே ஆக வேண்டும் என்பதற்கு அல்ல. பாதி வாக்கியம் வெட்டப்பட்டு, மீதிப் பாதி வேறு அர்த்தத்தில் நிற்கிறது. ஆகவே ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு குறிகள் போதாது. ‘திரிந்திருக்கிறது’ என்று மூன்றாவது ஒன்றும் வேண்டும். கணினிச் சுருக்கங்களை ஆராய்பவர்களும் மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதையும் இருப்பதைத் திரிப்பதையும் தனித்தனி வகைகளாகவே பார்க்கிறார்கள்.

கடைசி வரியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு சட்டப்பிரிவு தன்னால் விளைந்த பயனைத் தானே எப்படிச் சொல்லும்? சுருக்கத்தின் கடைசி வாக்கியம் முடிவுரைத் தொனியில் வந்தால், அதிலிருந்தே தேடலைத் தொடங்குவது எங்கள் வழக்கம்.

இந்தச் சேர்க்கைகள் எங்கிருந்து வருகின்றன? 2020இல் ஜோஷுவா மேனெஸ், ஷஷி நாராயண் உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு நல்ல வெளிச்சம். கணினிக்குச் சுருக்கக் கற்றுக்கொடுக்க அன்று பரவலாகப் பயன்பட்ட தொகுப்பு ஒன்றில், பி.பி.சி. செய்திகளின் முதல் வாக்கியத்தையே சுருக்கமாகவும் மீதிச் செய்தியை மூலமாகவும் வைத்திருந்தார்கள். செய்தியாளர் முதல் வாக்கியத்தில் சொன்னதைக் கீழே மறுபடி சொல்ல மாட்டார். ஒருவரின் முழுப் பெயர் மேலே வந்துவிட்டால், கீழே பாதிப் பெயர்தான் இருக்கும். ஆகவே மனிதர் எழுதிய அந்த மாதிரிச் சுருக்கங்களிலேயே நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவற்றில் மூலத்தில் இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. அவற்றைப் பார்த்துப் படித்த கணினி, இல்லாததைச் சேர்ப்பதும் சுருக்கத்தின் ஒரு பகுதி என்று கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. இன்றைய சாட்பாட்டுகள் இதைவிடப் பெரிய பள்ளியில் படித்தவை. ஆனால் தாம் படித்த கோடிக்கணக்கான பக்கங்களில் ஆர்.டி.ஐ.யும் பத்து ரூபாயும் அருகருகே வந்ததை அவை கொண்டுதான் வருகின்றன. நீங்கள் கொடுத்த இரண்டு பக்கங்களுக்கும் ஏற்கெனவே படித்ததற்கும் நடுவே உறுதியான சுவர் எதுவும் இல்லை.

‘துல்லியமாகச் சுருக்கு, எதையும் சேர்க்காதே’ என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டால் போதாதா? 2025இல் ஊவே பீட்டர்ஸ், பெஞ்சமின் சின்-யீ இருவரும் அறிவியல் கட்டுரைகளுக்குச் சாட்பாட்டுகள் எழுதிய சுருக்கங்கள் ஏறத்தாழ ஐயாயிரத்தை ஆராய்ந்தார்கள். துல்லியம் வேண்டும் என்று வற்புறுத்தியபோது பல சாட்பாட்டுகள் முன்னைவிட அதிகமாகப் பொதுமைப்படுத்தின. அவர்கள் கவனித்த திரிபுகளில் ஒன்று நம் மொழியில் ஓரிரு சொற்களில் நடந்துவிடக்கூடியது. ‘பங்கேற்றவர்களுக்கு அந்த மருந்து பலன் தந்தது’ என்று இருப்பது ‘அந்த மருந்து பலன் தரும்’ என்றாகிவிடும். நடந்த ஒன்று எப்போதும் நடப்பதாக மாறிவிடுகிறது. எனவே எண்ணையும் பெயரையும் பார்ப்பதோடு வினைமுற்றையும் பார்க்க வேண்டும். ‘-லாம்’ என்பது ‘வேண்டும்’ ஆகியிருக்கிறதா, ‘சில’ காணாமல் போயிருக்கிறதா, மூலத்தில் அடுத்தடுத்து நின்ற இரண்டு செய்திகளுக்கு நடுவே ‘அதனால்’ முளைத்திருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலான திரிபுகள் அகப்பட்டுவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் மூலத்திலிருந்து மேற்கோள் காட்டும்படி சாட்பாட்டிடமே கேட்பது நல்ல உத்திதான், ஆனால் அந்த மேற்கோளையும் தேடிப் பார்க்க வேண்டும். 2025 பிப்ரவரியில் பி.பி.சி. வெளியிட்ட ஆய்வில், அதன் கட்டுரைகளில் இருப்பதாகச் சாட்பாட்டுகள் காட்டிய மேற்கோள்களில் 13 சதவீதம் மாற்றப்பட்டவை அல்லது அந்தக் கட்டுரையில் இல்லவே இல்லாதவை. மேற்கோளிலிருந்து நான்கைந்து சொற்களை எடுத்து மூலக் கோப்பில் Ctrl+F போட்டால் உடனே தெரிந்துவிடும். மூலம் ஆங்கிலம், சுருக்கம் தமிழ் என்றால் மேற்கோளை ஆங்கிலத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் தேடல் பெரும்பாலும் வேலை செய்யாது. அப்போது கண்ணால்தான் படிக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. சுருக்கத்திலிருந்து மூலத்துக்குப் போகிறோம் என்பதால், சுருக்கம் விட்டுவிட்டது எதுவும் இதில் சிக்காது. 7(3)ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நகல் எடுக்க இவ்வளவு செலவாகும் என்று அலுவலர் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து மனுதாரர் பணம் கட்டும் நாள்வரை உள்ள காலம் அந்த 30 நாள் கணக்கில் சேராது. மாதிரிச் சுருக்கத்தில் இது வராததால் எந்த வரியும் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அதை நம்பி நாள் எண்ணுகிறவர் தப்பாக எண்ணுவார். இதற்கு எதிர்த்திசையில் ஒருமுறை நடக்க வேண்டும். மூலத்தில் ‘ஆனால்’, ‘தவிர’, ‘இருப்பினும்’ வருகிற இடங்களை மட்டும் பார்த்து, அவை சுருக்கத்துக்கு வந்து சேர்ந்தனவா என்று கேட்க வேண்டும்.

இருநூறு பக்க அறிக்கைக்கு இதையெல்லாம் வரிவரியாக யாரும் செய்ய மாட்டார்கள், செய்யச் சொல்வதும் நியாயமில்லை. எதைப் படிப்பது என்று முடிவு செய்ய மட்டும் சுருக்கம் பயன்பட்டால் சோதனையே தேவையில்லை. அதிலிருந்து எந்த வாக்கியத்தை உங்கள் கட்டுரைக்குள் எடுத்துக்கொள்கிறீர்களோ, அந்த வாக்கியத்துக்கு மட்டும் போதும்.

அடுத்த இதழிலிருந்து இங்கே ஒரு வழக்கம். அறிக்கை, சட்டம், தீர்ப்பு, ஆய்வேடு எதையாவது ‘சொல்கிறது’ என்று எழுதும் இடத்தில், கையெழுத்துப் படியின் ஓரத்தில் பக்க எண்ணையோ பத்தி எண்ணையோ குறித்து அனுப்புங்கள். அச்சில் அது வராது, எங்களுக்குத்தான். எண் இல்லாத வரியை ‘எந்தப் பக்கம்?’ என்ற கேள்வியோடு திருப்பி அனுப்புவோம். நீங்கள் சுருக்கத்தைப் படித்தீர்களா, மூலத்தைப் படித்தீர்களா என்று விசாரிக்க மாட்டோம்.